பில் சரி, தொகை சரி, கணக்கு எண் மட்டும் வேறு

2015 செப்டம்பரில் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் குஜராத்தின் ஹசீரா துறைமுகத்திலிருந்து 36,000 டன் நாப்தாவைக் கப்பலில் ஏற்றி அனுப்பியது. வாங்கியது சவுதி அரேபியாவின் அராம்கோ. சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 100 கோடி ரூபாய். சரக்கு போய்ச் சேர்ந்தது, பணம் வரவில்லை. விசாரித்தபோது, நீங்கள் மெயிலில் சொன்ன புதிய வங்கிக் கணக்குக்குத்தான் பணத்தை அனுப்பிவிட்டோமே என்று அராம்கோ தரப்பில் பதில் வந்தது. ஓ.என்.ஜி.சி. அப்படி ஒரு மெயிலை அனுப்பவே இல்லை. மும்பை போலீசுக்குப் போன புகாரில், அடுத்த சரக்கின் பணத்தையும் சேர்த்து 197 கோடி ரூபாய் திசைமாறியதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது.

ஓ.என்.ஜி.சி.யின் உண்மையான மெயில் முகவரிகள் ongc.co.in என்று முடியும். கணக்கு மாற்றச் சொன்ன மெயில் ognc.co.in என்ற முகவரியிலிருந்து வந்திருந்தது. இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். இதை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு நூறு மெயில் பார்க்கிற அக்கவுண்ட்ஸ் ஊழியரின் கண், சொல்லை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. பழகிய சொல்லின் வடிவத்தைப் பார்த்ததும் தாண்டிப் போய்விடுகிறது.

போலி பில் மோசடி என்றதும் பலருடைய மனதில் வருவது, வாங்காத பொருளுக்குப் பணம் கேட்டு வரும் பில். அதுவும் உண்டு. ஆனால் கம்பெனிகளைச் சாய்ப்பது அது அல்ல. வாங்கிய பொருளுக்கு, சரியான தொகைக்கு, எதிர்பார்த்த நாளில், எதிர்பார்த்த பார்ட்டியின் பெயரில் வருகிற பில்தான் ஆபத்தானது. அதில் பொய்யானது ஒரே ஒரு வரி, அடியில் இருக்கும் வங்கிக் கணக்கு எண். ‘சந்தேகத்துக்குரிய மெயில்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்’ என்று ஊழியர்களுக்கு அனுப்பப்படும் அறிவிப்புகள் இங்கே உதவாமல் போவதற்குக் காரணமும் இதுதான். அந்த மெயிலில் சந்தேகப்பட எதுவும் இருப்பதில்லை.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் ஒன்றிலிருந்து பல ஆண்டுகளாக நூல் வாங்குகிறது. இந்த மாதம் 6,000 கிலோ நூல், கிலோ 300 ரூபாய். 18 லட்சம், அதன் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி 90,000. மொத்தம் 18,90,000 ரூபாய்க்கு பில்.

மோசடிக்காரன் தொடங்குவது இந்த பில்லிலிருந்து அல்ல. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மில்லின் விற்பனைப் பிரிவில் ஒருவருக்கு, ‘உங்கள் மெயில் பெட்டி நிறைந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்’ என்பது போல ஒரு மெயில் போயிருக்கும். அவர் அதிலிருந்த இணைப்பைத் தட்டி, தெரிந்த பக்கம் போலவே தோன்றிய ஒரு பக்கத்தில் பாஸ்வேர்டைப் போட்டிருப்பார். அன்றிலிருந்து அவருடைய பெட்டியை இன்னொருவரும் படிக்கிறார். படிக்கிறவர் அவசரப்படுவதில்லை. யாருக்கு எவ்வளவு சரக்கு போகிறது, பணம் எத்தனை நாளில் வருகிறது, அண்ணாச்சி என்று எழுதுவார்களா சார் என்று எழுதுவார்களா என்பதுவரை கவனித்துக்கொள்கிறார். பெட்டியின் அமைப்புகளுக்குள் போய், திருப்பூர்க் கம்பெனியிடமிருந்து வரும் மெயில்கள் எல்லாம் தானாகத் தனக்கு ஒரு பிரதி வந்துவிடும்படியும், உரியவரின் கண்ணில் படாத ஒரு மூலைக்குப் போய்விடும்படியும் விதி ஒன்றை எழுதி வைக்கிறார். ஏமாந்தவர் பிறகு பாஸ்வேர்டை மாற்றினாலும், அந்த விதியைத் தேடி அழிக்காவிட்டால் பிரதிகள் போய்க்கொண்டே இருக்கக்கூடும்.

பில் அனுப்பப்படும் நாளில் அவருடைய வேலை சுலபம். உண்மையான பில்லின் பிடிஎஃப் கையில் இருக்கிறது. அதில் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி கோடையும் மட்டும் மாற்றுகிறார். முந்தைய மெயில்கள் எல்லாம் அடியில் தொடரும்படி, அதே உரையாடலில் பதில் போடுகிறார்: ‘எங்கள் வழக்கமான கணக்கில் ஆடிட் வேலை நடப்பதால், இந்த முறை மட்டும் கீழே உள்ள கணக்குக்கு அனுப்பவும். திருத்திய பில்லை இணைத்திருக்கிறோம்.’ வெள்ளிக்கிழமை மதியம் வந்து சேர்கிறது. திருப்பூர்க் கம்பெனியில் சனிக்கிழமை பேமெண்ட் நாள்.

இப்போது கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கும் பெண் என்னென்ன சரிபார்ப்பார் என்று பாருங்கள். அவர் கவனக்குறைவானவர் அல்ல. சரக்கு வந்ததா என்று கிடங்கில் கேட்கிறார், வந்திருக்கிறது. கிலோவும் விலையும் பர்ச்சேஸ் ஆர்டரோடு பொருந்துகின்றன. ஜிஎஸ்டி எண்ணைப் பார்க்கிறார். 33 என்று தொடங்குகிறது, தமிழ்நாடு. அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் மில்லின் பெயர் சரியாக வருகிறது. மில்லின் விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்பதால் அது மின் விலைப்பட்டியல் முறைக்குள் வரும். பில்லில் க்யூஆர் குறி இருக்கிறது. அதையும் செல்போனில் ஸ்கேன் செய்கிறார். ‘சரியானது’ என்று வருகிறது.

அந்தக் க்யூஆர் குறிக்குள் இருப்பவை விற்பவரின் ஜிஎஸ்டி எண், வாங்குபவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, தொகை, எத்தனை வகைப் பொருள், முக்கியப் பொருளின் எச்எஸ்என் கோடு, பதிவு எண், அது பதிவான நாள் ஆகியவை. வங்கிக் கணக்கு எண் அதில் இல்லை. அது வரிக்காக உருவாக்கப்பட்ட முறை. விற்பனை உண்மைதானா என்று அரசுக்குத் தெரிய வேண்டும், பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பது அதன் கேள்வி அல்ல. ஆகவே கணக்கு எண் மட்டும் மாற்றப்பட்ட பில், ஸ்கேனில் தேறிவிடும். பில்லை ஸ்கேன் செய்துவிட்டோமே என்று நிம்மதியடைகிற கம்பெனிகள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

அடுத்த நம்பிக்கை வங்கி. பெயரும் கணக்கு எண்ணும் பொருந்தாவிட்டால் வங்கியே பணத்தைத் திருப்பிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் நாட்டில் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பணம் வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணை மட்டும் வைத்துத்தான். பெறுபவர் பெயர் என்ற கட்டத்தில் நாம் மில்லின் பெயரை எழுதியிருந்தாலும், எண் யாருடையதோ அவருக்கே பணம் போகும். இந்த ஓட்டையை அடைக்க ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் ஓர் உத்தரவு போட்டது. 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது அதன் சாரம். மிக நல்ல ஏற்பாடு. கணக்கு எண்ணைப் போட்டதும் மில்லின் பெயருக்குப் பதிலாக யாரோ ஒரு தனிநபரின் பெயர் வந்தால், மோசடி அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் அந்தப் பெயரை ஒருவர் படித்தால்தான். ஒரே எக்செல் கோப்பில் ஐம்பது பேமெண்ட்களை ஏற்றி மொத்தமாக அனுமதிக்கும் இடத்தில், பெயர் ஒவ்வொன்றையும் யாரும் படிப்பதில்லை. பெயர் பொருந்தினாலுமே கூட அது போதாது என்பதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

லித்துவேனியா நாட்டின் எவால்தாஸ் ரிமசாஸ்கஸ் என்பவர், தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் அதே பெயரில் லாத்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். உண்மையான குவான்டா, கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் கணினிச் சாதனங்கள் தருகிற நிறுவனம். போலிக் கம்பெனியின் பெயரிலேயே லாத்வியாவிலும் சைப்ரஸிலும் வங்கிக் கணக்குகள் திறக்கப்பட்டன. 2013 முதல் 2015 வரை அந்தக் கணக்குகளுக்குப் பணம் கேட்டு பில்கள் போயின. கூகுள் ஏறத்தாழ 2.3 கோடி டாலரும், ஃபேஸ்புக் ஏறத்தாழ 9.9 கோடி டாலரும் அனுப்பின. பணம் ஏன் இவ்வளவு வருகிறது என்று வங்கிகள் கேட்டால் காட்ட, போலிக் கையெழுத்தும் போலி முத்திரையும் குத்திய ஒப்பந்தங்களும் தயாராக இருந்தன. 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அந்தக் கணக்குகளில் யார் பெயரைச் சரிபார்த்திருந்தாலும் குவான்டா என்றுதான் வந்திருக்கும்.

உலகின் மிகச் சிறந்த பொறியாளர்களை வைத்திருக்கும் இரண்டு நிறுவனங்களே இப்படி ஏமாந்தன என்றால், திருப்பூர் அக்கவுண்ட்ஸ் பெண்ணிடம் இன்னும் கூர்மையாகப் பார் என்று சொல்வதில் பயனில்லை. மில்லின் உண்மையான பெட்டியிலிருந்தே மெயில் வந்திருந்தால், எழுத்து மாற்றம்கூட இருக்காது. பார்த்துக் கண்டுபிடிக்க எதுவுமே இல்லாத மெயில் அது. அதைப் பிடிக்க மெயிலுக்கு வெளியே போக வேண்டும். மில்லின் அக்கவுண்டன்டுடைய எண் ஏற்கெனவே கம்பெனியின் லெட்ஜரிலோ, பழைய பர்ச்சேஸ் ஆர்டரிலோ இருக்கும். அந்த எண்ணை எடுத்து, ‘அண்ணா, கணக்கு மாத்தச் சொல்லி மெயில் வந்திருக்கு, நீங்க அனுப்பினதா?’ என்று கேட்டால், இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். புது பில்லில் அச்சடித்திருக்கும் எண்ணில் கூப்பிடக்கூடாது. பில்லைத் திருத்தியவர் போன் எண்ணையும் திருத்தியிருப்பார். அந்த எண்ணில் ஒருவர் மரியாதையாக எடுத்துப் பேசி, ஆமாம் சரிதான் என்று உறுதியும் சொல்வார்.

ஆகவே ஊழியர்களுக்கு அனுப்பும் எச்சரிக்கை மெயில் சொல்ல வேண்டியது இந்த ஒரு செயலைத்தான். பல கம்பெனிகளில் நான் பார்த்த எச்சரிக்கைகள் நேர்மாறானவை. சைபர் பாதுகாப்பின் அவசியம் என்று தொடங்கி, பாஸ்வேர்டு, வைரஸ், ஓடிபி, வாட்ஸ்அப் லாட்டரி எல்லாவற்றையும் தொட்டு, பதினைந்து அறிவுரைகளோடு முடியும். கடைசியில், மீறினால் ஒழுங்கு நடவடிக்கை என்று ஒரு வரி. படிப்பவருக்கு நாளைக் காலை தான் எதை வேறு மாதிரிச் செய்ய வேண்டும் என்பது புரியாது. தவறு நடந்தால் வாயைத் திறக்கக்கூடாது என்பது மட்டும் நன்றாகப் புரியும்.

அந்தத் திருப்பூர்க் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பெண் மில்லுக்குப் போன் செய்து, மோசடியைப் பிடித்துவிட்டார் என்று கொள்வோம். அன்று மாலையே அனுப்ப வேண்டிய மெயில் இப்படி இருக்கலாம்:

பொருள்: பில்லில் வங்கிக் கணக்கு மாறியிருந்தால் பணம் அனுப்பாதீர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

நமக்கு நூல் தரும் ஒரு மில்லின் பெயரில் நேற்று போலி பில் வந்தது. பில் எண், தொகை, ஜிஎஸ்டி எண் எல்லாம் சரியாக இருந்தன. வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு. நம் அக்கவுண்ட்ஸ் பிரிவு மில்லுக்குப் போன் செய்து கேட்டதால் பணம் போகவில்லை.

எந்தப் பார்ட்டியாவது கணக்கு மாறிவிட்டது என்று மெயில், வாட்ஸ்அப், கடிதம் எதில் சொன்னாலும் பணம் அனுப்பாதீர்கள். நம் லெட்ஜரில் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த மெயிலிலோ பில்லிலோ உள்ள எண்ணில் கூப்பிட வேண்டாம்.

அப்படி மெயில் வந்தால் பதில் போடாதீர்கள், அழிக்காதீர்கள். உடனே அக்கவுண்ட்ஸ் மேலாளரிடம் சொல்லுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே அவருடைய செல்போனில் கூப்பிடுங்கள். இரவு, ஞாயிறு எதுவானாலும் பரவாயில்லை.

சரிபார்ப்பதால் பேமெண்ட் தாமதமானால் அதற்கு நான் பொறுப்பு. தவறு நடந்ததைச் சொன்னவர் மீது எந்த நடவடிக்கையும் இருக்காது.

நிர்வாக இயக்குநர்

படிக்க ஒரு நிமிடம் ஆகாது. பொருள் வரியிலேயே செய்ய வேண்டியது வந்துவிடுகிறது. மெயிலைத் திறக்காமல் செல்போன் திரையில் பார்த்துவிட்டுப் போகிறவருக்கும் அது போய்ச் சேரும். ‘தற்போது பரவும் ஒரு மோசடி’ என்று பொதுவாகச் சொல்லாமல், நேற்று நமக்கே வந்தது என்று சொல்கிறது. எது சரியாக இருந்தது, எது மாறியிருந்தது என்று பிரித்துச் சொல்கிறது. ஜிஎஸ்டி எண் சரியாக இருந்தால் பில்லும் சரி என்ற நம்பிக்கையை அந்த வரி தகர்க்கிறது.

இந்த மெயிலில் இணைப்பு எதுவும் இல்லை, கோப்பு எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். போலி பில்லை மாதிரிக்காக அப்படியே இணைத்து அனுப்பிய கம்பெனியில், அவசரத்தில் யாராவது அதைப் புதிய பில் என்று எண்ணி வழக்கமான வரிசையில் சேர்த்துவிடலாம். காட்டியே ஆக வேண்டுமென்றால், கணக்கு எண்ணை மறைத்த ஒரு படமாகக் காட்டினால் போதும். இணைப்பு வேண்டாம் என்பதற்கு வேறு காரணம். எச்சரிக்கை மெயில்களையும் மோசடிக்காரர்கள் போலியாக அனுப்புவார்கள். இணைப்பைத் தட்டச் சொல்லாத எச்சரிக்கைதான் நம் கம்பெனியின் வழக்கம் என்று ஊழியர்களுக்குப் பழகிவிட்டால், தட்டச் சொல்லி வருவதை அவர்களே சந்தேகிப்பார்கள்.

கையெழுத்து நிர்வாக இயக்குநருடையதாக இருப்பதுதான் இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஐடி பிரிவிலிருந்து வந்தால், பேமெண்ட் தாமதமானால் நான் பொறுப்பு என்ற வரியை யாரும் எழுத முடியாது. அந்த வரி இல்லாவிட்டால் மற்ற வரிகளுக்கு வலு இல்லை. மார்ச் கடைசி வாரத்தை நினைத்துப் பாருங்கள். சிறு தொழில் சப்ளையர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதி வந்த பிறகு, அக்கவுண்ட்ஸ் பிரிவுகள் அந்த வாரத்தில் பணத்தைத் தள்ளித் தீர்ப்பதிலேயே குறியாக இருக்கின்றன. அந்த நெருக்கடியில், ஏன் இன்னும் போகவில்லை என்று மேலிருந்து கேட்டால், போன் செய்து சரிபார்க்க நேரம் எடுத்துக்கொண்டேன் என்று ஒரு இளம் ஊழியர் சொல்லத் துணிவாரா? முதலாளியே எழுத்தில் சொல்லியிருந்தால் சொல்வார்.

போலி மெயிலைப் புகாராக அனுப்பும்போது ஒரு தொழில்நுட்ப விஷயம் உண்டு. சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால், அந்த மெயில் எங்கிருந்து, எந்தச் சர்வர்கள் வழியாக வந்தது என்ற தலைப்பு விவரம் போய்விடும். விசாரிப்பவருக்கு வேண்டியது அதுதான். ஜிமெயிலில் மூன்று புள்ளியைத் தட்டினால் Show original என்று இருக்கும். அங்கிருந்து முழு மெயிலையும் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அவுட்லுக்கில் அந்த மெயிலையே இணைப்பாகச் சேர்த்து அனுப்பலாம். இதை எல்லா ஊழியருக்கும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. அழிக்காமல் வைத்திருந்து மேலாளரிடம் சொன்னால் போதும். மேலாளருக்கோ கணினியைப் பார்த்துக்கொள்பவருக்கோ தெரிந்திருந்தால் சரி.

இப்போது இன்னொரு வழியையும் பார்க்க வேண்டும். அந்தப் பெண் போன் செய்யவில்லை, சனிக்கிழமை காலை 11 மணிக்கு 18,90,000 ரூபாய் ஆர்டிஜிஎஸ்ஸில் போய்விட்டது என்று வையுங்கள்.

ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்து இரவு பகல், விடுமுறை என்றில்லாமல் இயங்குகிறது. பணம் சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்துவிடும், அனுப்பியவர் நினைத்தால் திரும்ப எடுக்க முடியாது. போய்ச் சேரும் கணக்கு பெரும்பாலும் கமிஷனுக்காக வாடகைக்கு விடப்பட்ட யாரோ ஒருவருடைய கணக்கு. அங்கிருந்து நாலைந்து கணக்குகளுக்குப் பிரியும். அவற்றிலிருந்து இன்னும் பலவற்றுக்குப் பிரியும். சில இடங்களில் ஏடிஎம்மில் ரொக்கமாகும், சில இடங்களில் கிரிப்டோவாக மாறும். ஒவ்வொரு பிரிவிலும் மீட்கக்கூடிய தொகை குறைந்துகொண்டே வரும். மோசடியில் போன பணம் திரும்புமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் இன்னொரு கேள்விதான்: எத்தனை மணி நேரம் ஆகிறது?

கம்பெனிக்குள் யாரும் சொல்லாவிட்டால் இந்த மோசடி எப்போது வெளியே வரும்? மில்லிலிருந்து ஒரு நாள் போன் வரும். ‘என்னங்க, இந்த மாசப் பணம் இன்னும் வரலையே?’ அதற்குள் பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகியிருக்கும். அதற்குப் பிறகு செய்வதற்குப் புகார் எழுதுவதைத் தவிர அதிகம் இல்லை.

தெரிந்தவுடன் செய்ய வேண்டியதன் வரிசை இது. முதலில் கம்பெனியின் வங்கியைக் கூப்பிட வேண்டும், கிளை மேலாளரையும் வங்கியின் மோசடிப் புகார் எண்ணையும். யுடிஆர் எண், தொகை, நேரம், போய்ச் சேர்ந்த கணக்கு எண் ஆகியவற்றைச் சொல்லி, அந்த வங்கியில் பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்லக் கேட்க வேண்டும். ஒருவர் வங்கியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற மையம் நடத்தும் உதவி எண் அது; மாநிலப் போலீசும் வங்கிகளும் ஒரே வலையில் இணைக்கப்பட்டிருக்கின்றன. நாம் தரும் யுடிஆர் எண் அந்த வலையில் ஏறியதும், பணம் இப்போது எந்த வங்கியில் இருக்கிறதோ அந்த வங்கிக்குத் தகவல் போகிறது. கணக்கில் மிச்சம் இருப்பதை அவர்கள் நிறுத்தி வைப்பார்கள். அங்கிருந்து அடுத்த வங்கிக்குப் போயிருந்தால், தகவலும் அந்த வங்கியைத் தேடிப் போகும். cybercrime.gov.in தளத்தில் புகாரை முழு விவரத்தோடு பதிவு செய்து, ஒப்புகை எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இணைக்க வேண்டியவை போலி மெயில், போலி பில், உண்மையான பில், வங்கி அறிக்கை.

பணம் வெளிநாட்டு வங்கிக்குப் போயிருந்தால் 1930 வலையின் கை அவ்வளவு நீளாது. அப்போது நம் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவு, ஸ்விஃப்ட் வழியாகப் பணத்தைத் திரும்ப அழைக்கும் கோரிக்கையை அனுப்ப வேண்டும். அதற்கும் மணி நேரக் கணக்குதான்.

நிறுத்தி வைக்கப்பட்ட பணம் மறுநாளே கைக்கு வந்துவிடாது. பெரிய தொகையென்றால் பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டியிருக்கும், மாதங்கள் ஆகலாம். ஊழியரே அனுமதித்து அனுப்பிய பணம் என்பதால், வங்கி ஈடுகட்டும் என்று எதிர்பார்ப்பதற்கும் இடமில்லை. மில்லுக்குத் தர வேண்டிய கடனும் அப்படியே நிற்கும். நூல் தந்தவர்கள் அவர்கள். உங்கள் பெட்டியிலிருந்துதானே மெயில் வந்தது என்று கம்பெனியும், போன் செய்து கேட்டிருக்கலாமே என்று மில்லும் வாதிடுவார்கள். பல ஆண்டு வியாபார உறவு அங்கே கசந்துபோகும்.

இதோடு யாருடைய பெட்டி திறந்து கிடக்கிறது என்றும் தேட வேண்டும். மில்லின் பெட்டியாக இருக்கலாம், கம்பெனியின் பெட்டியாகவும் இருக்கலாம். இரண்டு பக்கமும் பாஸ்வேர்டை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, தானியங்கி ஃபார்வர்டு விதிகளைத் திறந்து பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட ஊடுருவல்களைக் கண்ட 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்கு incident@cert-in.org.in முகவரியில் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிறது. நடுத்தரக் கம்பெனிகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இந்த வரிசை முழுவதும் தொடங்குவது ஒருவர் வாய் திறப்பதில். சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, வீட்டுக்குப் போகும் வழியில், அந்தப் பெண்ணுக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வருகிறது என்று வையுங்கள். அந்த ஐஎஃப்எஸ்சி கோடு கோயம்புத்தூர்க் கிளையுடையது அல்லவே என்று. அவருக்கு மாதச் சம்பளம் இருபதாயிரமாக இருக்கலாம். போன தொகை அவருடைய ஏழெட்டு ஆண்டுச் சம்பளம். அப்போதே மேலாளரைக் கூப்பிடுவாரா, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், ஒருவேளை சரியாகவே இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்வாரா? அந்தச் சனிக்கிழமை மாலைக்கும் திங்கட்கிழமை காலைக்கும் இடையில்தான் பணம் முழுவதும் கரைகிறது. அவரைப் போன் எடுக்க வைக்கக்கூடியது, தவறைச் சொன்னவர் மீது நடவடிக்கை இருக்காது என்ற அந்த ஒரு வரி. அதை எழுதிய முதலாளி, அடுத்த முறை யாராவது வந்து சொல்லும்போது எல்லார் முன்னாலும் திட்டிவிட்டால், மெயிலில் எழுதியதற்கு மதிப்பில்லை என்று கம்பெனி முழுவதும் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

மெயில் ஒருமுறை போனால் போதாது. மூன்று மாதம் கழித்துச் சேர்ந்த புதியவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். மார்ச், தீபாவளி போனஸ் வாரம் போல பேமெண்ட்கள் குவியும் நேரத்துக்குச் சில நாள் முன்பு, புதிய தேதியோடும், அதற்குள் வந்த புதிய போலி பில்லின் விவரத்தோடும் மறுபடி அனுப்ப வேண்டும். பழைய மெயிலையே அப்படியே திரும்ப அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். யாராவது போன் செய்து மோசடியைத் தடுத்திருந்தால், அவர் சம்மதத்தோடு பெயரையும் சொல்லி எழுதலாம்.

நம் கம்பெனி பணம் தருகிற இடத்தில் மட்டும் இருப்பதில்லை. பனியன் கம்பெனியும் யாருக்கோ பில் போடுகிறது. அதன் பெயரில் போலி பில் ஐரோப்பிய வாடிக்கையாளருக்குப் போனால், பாதிக்கப்படுவது இருவரும்தான். ஆகவே கம்பெனியின் ஒவ்வொரு பில்லின் அடியிலும், கணக்கு விவரத்துக்குக் கீழே, ஒரு வரி சேர்த்துவிடலாம்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் அதை மெயிலில் தெரிவிக்க மாட்டோம். அப்படி மெயில் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.’ போலி பில் தயாரிப்பவர் அந்த வரியை அழித்துவிடுவார். ஆனால் முந்தைய இருபது பில்களில் அதைப் படித்த வாடிக்கையாளரின் அக்கவுண்டன்ட், இருபத்தோராவதில் கணக்கு மாறி வரும்போது போனை எடுப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கும்.